கிரெயின் கோடும் சீம் தையலும் ஒரே படத்தில்

கிரிக்கெட் பேட் வாங்கப் போகிறவர் கடையில் முதலில் பார்ப்பது அதன் முகத்தில் நீளவாக்கில் ஓடும் கிரெயின் கோடுகளை. வில்லோ மரத்தின் ஒரு வருட வளர்ச்சிக்கு ஒரு கோடு. கோடுகள் நேராக இறங்குகின்றனவா, எத்தனை இருக்கின்றன, குறுக்கே முடிச்சு உண்டா என்று பார்த்த பிறகுதான் விலை பேசுவார். இப்போது பலர் பேட்டைக் கையில் எடுக்காமலே, படத்தைப் பார்த்து இணையத்தில் வாங்குகிறார்கள். அந்தப் படத்தில் கோடுகள் வெளுத்துப் போயிருந்தால் வாங்குபவருக்கு எதுவும் தெரியாது.

பேட்டையும் பந்தையும் சேர்த்துப் படம் எடுப்பதில் ஒரு சிக்கல் இருக்கிறது. கிரெயின் என்பது நிற வேறுபாடு. இழைத்து, தேய்த்து, மெருகேற்றிய பேட்டின் முகத்தைத் தடவினால் கோடு விரலில் தட்டாது. அதைக் காட்ட, பளபளப்பு குறுக்கே வராத சீரான வெளிச்சம் போதும். சீம் அப்படியல்ல. ஆறு வரிசைத் தையல் தோலுக்கு மேலே புடைத்து நிற்கிறது. புடைப்பு தெரிய நிழல் வேண்டும். எல்லாப் பக்கமும் வெளிச்சம் பாய்ந்தால் நிழல் அழிந்து, தையல் சிவப்புத் தோலில் வரைந்த வெள்ளைப் புள்ளிகளாகிவிடும்.

இரண்டுக்கும் பொதுவான வழியைக் காண, பேட்டின் அளவிலிருந்து தொடங்க வேண்டும். நீளம் சுமார் 85 செ.மீ.; அகலம் விதிப்படி 10.8 செ.மீ.க்கு மேல் போகக் கூடாது. பேட்டை மேஜையில் படுக்கவைத்து, கைப்பிடிப் பக்கம் ஒரு மீட்டர் தள்ளிச் சின்ன ஃபிளாஷ் ஒன்றை வைத்துப் பாருங்கள். பேட்டின் அடிமுனை கிட்டத்தட்ட இரண்டு மீட்டர் தூரத்தில் இருக்கும். தூரம் இரட்டித்தால் வெளிச்சம் கால் பங்காகும். அதனால் கைப்பிடி வெளுத்து, அடிமுனை இருண்டு போகும். அதே விளக்கைப் பக்கவாட்டில் வைத்தால் அது கடக்க வேண்டியது வெறும் 11 செ.மீ. அகலம்தான். அந்தச் சிறு தூரத்தில் குறையும் வெளிச்சம் கண்ணை உறுத்தாது. ஆக, சீரான வெளிச்சம் தேவைப்படுவது நீளவாக்கில். அகலவாக்கில் அது ஒரு பக்கத்திலிருந்து வந்தாலும் பாதகமில்லை.

எனவே பேட்டைவிட நீளமான ஒரே விளக்கை அதற்கு இணையாகப் பக்கவாட்டில் வைக்க வேண்டும். ஸ்டுடியோவில் இதற்கு ஒடுக்கமான, நீண்ட சாஃப்ட்பாக்ஸ் இருக்கும். வீட்டில் என்றால் நாலடி எல்.இ.டி. டியூப் லைட்டுக்கு முன்னால், ஒரு சாண் இடைவெளி விட்டு, வெள்ளைத் துணியையோ டிரேசிங் பேப்பரையோ கட்டலாம். எதிர்ப்பக்கம் ஒரு தெர்மோகோல் பலகையை நிறுத்தினால் நிழல் முழுக் கறுப்பாகாது. கேமரா நேர் மேலே இருக்கட்டும். பக்கத்திலிருந்து சாய்ந்து விழும் ஒளி, பேட்டின் தட்டையான முகத்தில் பட்டு எதிர்ப்பக்கம் தெறித்துப் போகும்; லென்ஸுக்குள் ஏறாது. கிரெயின் தெளிவாகத் தெரியும்.

பந்தை பேட்டின் அடிப்பகுதியில், சீம் பேட்டின் நீளவாக்கிலேயே ஓடும்படி வையுங்கள். அடியில் ஒரு மோதிரத்தை வைத்தால் உருளாது. இப்போது ஒளி சீமுக்குக் குறுக்கே வருவதால் ஒவ்வொரு தையல் வரிசைக்கும் பின்னால் மெல்லிய நிழல் விழும். மெருகேற்றிய உருண்டை என்பதால் பந்தில் எங்காவது விளக்கின் பிம்பம் தெரிந்தே தீரும். அது சீமின் மேல் விழுந்தால் தையல் வெளுத்துவிடும். விளக்கைக் கொஞ்சம் தாழ்த்தினால் பிம்பம் பக்கத்துத் தோலுக்கு நகர்ந்து, சீமுக்கு இணையான வெள்ளைக் கீற்றாக நிற்கும். அந்தக் கீற்றை விட்டுவைக்க வேண்டும். தோலின் பளபளப்பைக் காட்டுவது அதுதான். விளக்கிலும் லென்ஸிலும் போலரைசர் மாட்டி அதை முழுக்க அகற்றினால் பந்து சுட்ட மண் உருண்டைபோல உயிரற்று இருக்கும்.

சிவப்புப் பந்தில் இன்னொரு கவனமும் தேவை. படம் மொத்தத்தில் சரியான வெளிச்சத்தில் இருப்பதுபோலத் தோன்றும்போதே சிவப்பு நிறம் மட்டும் கேமராவின் எல்லையைத் தாண்டியிருக்கலாம். அப்போது தோலின் நுண்ணிய வரிகள் மறைந்து, ஒரே சிவப்புத் திட்டு மிஞ்சும். கேமராவின் ஹிஸ்டோகிராமில் சிவப்பைத் தனியாகப் பார்த்து, வலது ஓரத்தில் முட்டினால் வெளிச்சத்தைச் சிறிது குறைக்க வேண்டும். பந்தின் உச்சி பேட்டின் முகத்தைவிட ஏழு செ.மீ. உயரத்தில் இருப்பதால், இரண்டும் கூர்மையாக விழ f/11 அளவில் எடுப்பது நல்லது. அதுவும் போதாவிட்டால் பேட்டுக்கும் பந்துக்கும் தனித்தனியாக ஃபோகஸ் செய்து எடுத்து இணைக்கலாம்.

படம் தேறியதா என்று பார்க்க அதைக் கணினியில் முழு அளவுக்குப் பெரிதாக்குங்கள். கிரெயின் கோடுகளை எண்ணி, கையிலுள்ள பேட்டோடு ஒப்பிடுங்கள். சீமில் ஆறு வரிசையும் பிரிந்து தெரிகின்றனவா என்று பாருங்கள். இரண்டு எண்ணிக்கையும் சரியாக இருந்தால் படம் தன் வேலையைச் செய்துவிட்டது. மரத்தில் இருக்கும் புள்ளியையும் கறையையும் மென்பொருளால் அழிக்காதீர்கள். பணம் கொடுப்பவர் வாங்குவது அந்தப் புள்ளியுள்ள பேட்டைத்தான்.