இளநீரும் கரும்புச்சாறும் பாக்கெட்டும்: ஒரு டம்ளரில் எவ்வளவு சர்க்கரை?

வாசகர் கேள்வி: "ஐயா, நாங்கள் எளாவூரில் குடியிருக்கிறோம். என் மாமனாருக்கு 62 வயது. பத்து வருடமாகச் சர்க்கரை நோய்க்கு மாத்திரை போடுகிறார். போன மாதம் வேர்க்கடலைக் கொல்லையில் களை எடுத்துக்கொண்டிருந்தவருக்கு திடீரென்று கை நடுங்கி, உடம்பெல்லாம் வியர்த்துவிட்டது. இளநீர் நல்லது என்று ஒன்றை வெட்டிக் கொடுத்தோம். தெளிய ரொம்ப நேரம் ஆனது. கரும்புச்சாறு கொடுத்திருக்கலாம் என்று டாக்டர் சொன்னார். சர்க்கரை நோயாளிக்குக் கரும்புச்சாறா என்று எங்களுக்குக் குழப்பம். என் வீட்டுக்காரர் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் இரும்பு உருக்கும் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவர் தினமும் பாக்கெட் இளநீர் குடிக்கிறார். இந்த மூன்றில் எது யாருக்குச் சரி?"

இந்தச் சகோதரியின் கடிதத்துக்கு நான்கு வரியில் பதில் எழுதினால் போதாது. அவர் வீட்டில் நடந்தது பல வீடுகளில் நடக்கக்கூடியது. அதனால் கொஞ்சம் விரிவாகவே பார்ப்போம்.

எளாவூர் சோதனைச் சாவடியைத் தாண்டிப் போகிறவர்களுக்குத் தெரியும். நெடுஞ்சாலை ஓரத்தில் ஒரு பக்கம் இளநீர் குவியல், பக்கத்திலேயே கரும்பு பிழியும் வண்டி, எதிரே பெட்டிக்கடையில் பாக்கெட் இளநீர். மூன்றும் 'இயற்கை' என்றுதான் விற்கிறது. லாரி ஓட்டி வருகிறவருக்கு மூன்றும் ஒன்றுதான். ஆனால் உடம்புக்குள் போனபின் மூன்றும் ஒன்றல்ல.

பிரிக்ஸ் மீட்டர் சொல்லும் கணக்கு

கரும்பு போடும் விவசாயிகளுக்கு பிரிக்ஸ் மீட்டர் புதிதல்ல. கரும்பு முதிர்ந்துவிட்டதா, வெட்டலாமா என்று பார்க்க ஆலைக்காரர்கள் சாற்றில் இரண்டு சொட்டு விட்டுப் பார்ப்பார்களே, அதே கருவிதான். நம் மாவட்டத்தில் திருவாலங்காடு ஆலைக்குக் கரும்பு அனுப்புகிறவர்கள் இதை அடிக்கடி பார்த்திருப்பார்கள். நூறு கிராம் சாற்றில் எத்தனை கிராம் கரைந்திருக்கிறது என்பதை அது காட்டும். அதில் பெரும்பகுதி சர்க்கரை, கொஞ்சம் உப்புகளும் மற்றவையும்.

ஒரு நாள் அந்தக் கருவியோடு சாலையோரம் நின்றேன். பிழிந்தவுடன் எடுத்த கரும்புச்சாறு 18 காட்டியது. ஏறத்தாழ இரண்டு பங்கைக் கழித்துவிட்டால், நூறு கிராமில் 16 கிராம் சர்க்கரை. அதே இடத்தில் வெட்டிய இளநீர் ஐந்தரை காட்டியது. இளநீரில் பொட்டாசியம் போன்ற தாது உப்புகள் அதிகம் என்பதால் சர்க்கரை அதைவிடக் குறைவு. நூறு மில்லியில் 4 கிராம் என்று வைத்துக்கொள்ளலாம்.

மாவுச்சத்தோ சர்க்கரையோ, ஒரு கிராமுக்கு 4 கலோரி. இந்த ஒரு எண் தெரிந்தால் மீதியை வீட்டிலேயே கணக்குப் போடலாம்.

சுமாரான ஒரு காயில் 300 மில்லி தண்ணீர் இருக்கும். அப்படியானால் 12 கிராம் சர்க்கரை. புரதம் போன்றவற்றையும் சேர்த்தால் 50 முதல் 60 கலோரி வரும். ஒரு தேக்கரண்டிக்கு 5 கிராம் என்று வைத்தால், இரண்டரைக் கரண்டிக்குக் கொஞ்சம் குறைவு.

கரும்புச்சாற்றை யாரும் அப்படியே விற்பதில்லை, ஐஸ் போடுகிறார்கள். 250 மில்லி டம்ளரில் 180 மில்லி சாறும் மீதி ஐஸ் தண்ணீரும் என்று வைத்தால், சர்க்கரை 30 கிராமுக்கு மேல். அதாவது ஆறு கரண்டி, 120 கலோரிக்கு மேல். ஐஸ் வேண்டாம் என்று டம்ளர் நிறைய வாங்கினால் 40 கிராமைத் தாண்டிவிடும். "ஐஸ் போட்டால் சர்க்கரை குறையும்" என்று சிலர் சொல்வார்கள். ஐஸ் சர்க்கரையை எடுத்துவிடாது. டம்ளரில் இடத்தை அடைத்துக்கொள்கிறது, அவ்வளவுதான். எலுமிச்சையும் இஞ்சியும் வாய்க்கு ருசி, சர்க்கரையைக் குறைப்பவை அல்ல.

காயின் வயதைப் பாருங்கள்

எல்லா இளநீரும் ஒரே இனிப்பாக இருக்காது. இது தென்னை வைத்திருப்பவர்கள் அறிந்ததுதான், காரணம்தான் பலருக்குத் தெரியாது. பிஞ்சாக இருக்கும்போது தண்ணீரில் சர்க்கரை ஒன்றரை சதம் அளவில்தான் இருக்கும். காய் வளர வளர அது கூடி, ஏழு மாத அளவில் ஐந்து சதம் வரை போகும். இனிப்பும் தண்ணீரும் நிறைந்திருப்பது அப்போதுதான். பிறகு வழுக்கை கெட்டியாகிப் பருப்பாக மாறும். தண்ணீரில் உள்ள சர்க்கரை குறைந்துகொண்டே வந்து, முற்றிய தேங்காயில் இரண்டு சதம் அளவுக்கு இறங்கிவிடும். தேங்காய்த் தண்ணீர் சப்பென்று இருப்பது அதனால்தான்.

அப்படியானால் முற்றிய காய் சர்க்கரை நோயாளிக்கு நல்லதா? தண்ணீரை மட்டும் குடித்தால் சர்க்கரை குறைவுதான். ஆனால் தடித்த வழுக்கையையும் சுரண்டிச் சாப்பிட்டால் கணக்கு மாறிவிடும். பருப்பில் சேர்வது கொழுப்பு. கொழுப்புக்கு கிராமுக்கு 9 கலோரி. முற்றிய தேங்காய்ப் பருப்பு நூறு கிராமில் 350 கலோரி இருக்கிறது. கரண்டியில் வழியும் மெல்லிய வழுக்கை பெரும்பாலும் தண்ணீர்தான், அதில் பயமில்லை.

பாக்கெட்டில் எந்த வரியைப் படிப்பது?

இளநீரை வெட்டிவிட்டால் வெயிலில் சில மணி நேரத்தில் புளித்துவிடும். அதைக் கெடாமல் பாக்கெட்டில் அடைக்கும் முறையைத் தென்னை வளர்ச்சி வாரியம், மைசூரில் உள்ள பாதுகாப்பு உணவு ஆராய்ச்சி ஆய்வகத்துடன் சேர்ந்து உருவாக்கியது. எனவே பாக்கெட் என்றாலே மோசம் என்று ஒதுக்க வேண்டியதில்லை. சர்க்கரை சேர்க்காத பாக்கெட்டில் கலோரி ஏறத்தாழ காயில் உள்ளதுதான். சிக்கல் எங்கே என்றால், சில பாக்கெட்டுகளில் முற்றிய காயின் தண்ணீர் போகிறது. அது சப்பென்று இருப்பதால் சர்க்கரை கலக்கிறார்கள்.

படத்தைப் பார்க்காமல் பின்பக்கம் இரண்டு இடத்தைப் பாருங்கள். முதலில் 'இன்கிரீடியன்ட்ஸ்' என்ற வரி. எது எடையில் அதிகமோ அது முதலில் வர வேண்டும் என்பது சட்டம். இளநீருக்கு அடுத்தபடியாகவே 'வாட்டர்', 'சுகர்' என்று வந்தால் புரிந்துகொள்ளலாம். அடுத்து சத்து அட்டவணையில் 'ஆடட் சுகர்ஸ்' என்ற வரி. அது பூஜ்யம் என்று இருந்தால் நல்லது.

ஒரு உதாரணம் போடுவோம். 200 மில்லி பாக்கெட்டில், நூறு மில்லிக்கு மாவுச்சத்து 9 கிராம், ஆடட் சுகர்ஸ் 5 கிராம் என்று போட்டிருக்கிறது. பலர் 9 என்பதைப் படித்துவிட்டு வைத்துவிடுவார்கள். அட்டவணை நூறு மில்லிக்கு, நாம் குடிப்பது இருநூறு. எனவே 18 கிராம், 72 கலோரி. அதில் 10 கிராம், அதாவது இரண்டு கரண்டி, கம்பெனி போட்ட சர்க்கரை. ஒரு முழு இளநீரைவிட இந்தச் சின்னப் பாக்கெட்டில் சர்க்கரை அதிகம்.

இனி மாமனாருக்கு வருவோம்

கை நடுக்கம், குளிர்ந்த வியர்வை, படபடப்பு, கண் இருட்டுவது ஆகியவை மாத்திரை அல்லது இன்சுலின் போடுகிறவருக்கு வந்தால், பெரும்பாலும் ரத்தத்தில் சர்க்கரை இறங்கிவிட்டது என்று அர்த்தம். காலையில் மாத்திரையைப் போட்டுவிட்டு, சரியாகச் சாப்பிடாமல் வெயிலில் வேலை செய்தால் இப்படி ஆகும். அந்த நேரத்தில் உடனே சேரக்கூடிய சர்க்கரை 15 கிராம் உள்ளே போக வேண்டும். பதினைந்து நிமிடம் கழித்து மீட்டரில் பார்த்து, 70-க்குக் கீழே இருந்தால் இன்னொரு முறை கொடுக்க வேண்டும்.

இப்போது கணக்கைப் பாருங்கள். 15 கிராம் சர்க்கரைக்கு ஐஸ் போடாத கரும்புச்சாறு 100 மில்லி, அதாவது அரை டம்ளருக்கும் குறைவு போதும். இளநீர் என்றால் 375 மில்லி வேண்டும். ஒரு காய் போதாது. சின்னக் காயாகவோ பிஞ்சாகவோ இருந்தால் இரண்டு காய்கூடப் போதாது. உங்கள் மாமனாருக்குத் தெளிய நேரமானதற்கு இதுவே காரணமாக இருந்திருக்கும். டாக்டர் சொன்னது சரி.

கொல்லையில் கரும்புச்சாறு கிடைக்காது. எனவே மூன்று கரண்டி சர்க்கரையைப் பொட்டலமாக மடித்து, தண்ணீர் பாட்டிலோடு எப்போதும் அவரிடம் கொடுத்தனுப்புங்கள். நினைவு தவறிவிட்டால் மட்டும் வாயில் எதையும் ஊற்றாதீர்கள், மூச்சுக்குழாயில் போய்விடும். உடனே 108-ஐ அழையுங்கள். தெளிந்த பிறகும் இட்லியோ சோறோ சாப்பிட வைத்து, மாத்திரை அளவைப் பற்றி டாக்டரிடம் கேளுங்கள்.

அதே கரும்புச்சாறு சாதாரண நாளில் அவருக்கு ஆகாது. ஒரே மூச்சில் ஆறு கரண்டி சர்க்கரை ரத்தத்தில் ஏறும். சாதாரண நாளில் தாகத்துக்கு ஒரு இளநீர் குடிக்கலாம். அதையும் சோற்றோடு சேர்க்காமல், பலகாரத்துக்குப் பதிலாகக் குடிக்கட்டும். இரண்டு மணி நேரம் கழித்து மீட்டரில் பார்த்தால் அவர் உடம்புக்கு ஒத்துக்கொள்கிறதா என்று தெரிந்துவிடும். "இளநீரில் சர்க்கரையே இல்லை" என்று நாளைக்கு மூன்று காய் குடித்தால், 36 கிராம் சேர்ந்து கரும்புச்சாறு கணக்குக்கே வந்துவிடும்.

உலை முன் நிற்பவருக்கு

உங்கள் வீட்டுக்காரருக்குச் சர்க்கரை நோய் இல்லை என்றால் கலோரியைப் பற்றி அதிகம் கவலை வேண்டாம். அவருக்கு வியர்வையில் போவது தண்ணீரும் உப்பும். இளநீரில் பொட்டாசியம் அதிகம், ஆனால் நாம் சாப்பிடும் உப்பில் உள்ள சோடியம் அதில் பாதிக்கும் குறைவு. வியர்வையில் போவதோ பெரும்பாலும் சோடியம். எனவே இளநீரோடு, உப்புப் போட்ட மோரோ நீராகாரமோ ஒரு சொம்பு எடுத்துப் போகட்டும். பாக்கெட்டுக்குக் கொடுக்கும் காசும் மிச்சமாகும்.

இன்னும் ஒரே ஒரு எச்சரிக்கை. பல வருடம் சர்க்கரை நோய் இருப்பவர்களுக்குச் சிறுநீரகம் பழுதடைந்திருக்கலாம். அப்படிப்பட்டவர்களுக்கும், பொட்டாசியத்தை உடம்பில் தேக்கி வைக்கும் சில ரத்த அழுத்த மாத்திரைகளைச் சாப்பிடுபவர்களுக்கும் இளநீரின் பொட்டாசியம் இதயத்துடிப்பையே பாதிக்கும். மாமனாருக்கு 'கிரியேட்டினின்' பரிசோதனை எடுத்து எவ்வளவு நாளாகிறது என்று பாருங்கள். அதன் முடிவைக் காட்டி, இளநீர் குடிக்கலாமா என்று டாக்டரிடம் கேட்ட பிறகே காயை வெட்டுங்கள்.