காசு வாங்கிப் பேசினால் அதைச் சொல்லிவிட்டுப் பேசுங்கள்

ஒரு புது இடுபொருளைப் பற்றி இப்போதெல்லாம் நமக்கு முதலில் சொல்வது பக்கத்துத் தோட்டக்காரர் இல்லை, கைபேசியில் வரும் விவசாய வீடியோதான். பேசுகிறவரும் நம்மைப் போல ஓர் உழவர். வரப்பில் நின்றுகொண்டு "நான் அடிச்சுப் பார்த்தேன், பயிர் நல்லா எழும்பியிருக்கு" என்கிறார். அதை நம்பி நாமும் ஒரு லிட்டர் வாங்குகிறோம். அந்தப் பேச்சுக்கு அவர் கம்பெனியிடம் பணம் வாங்கியிருந்தால், நாம் கேட்டது அனுபவம் இல்லை, விளம்பரம். அவர் சொன்னது பொய்யாகத்தான் இருக்கும் என்று இல்லை. ஆனால் அனுபவத்துக்கு நாம் கொடுக்கும் எடை வேறு, விளம்பரத்துக்குக் கொடுக்கும் எடை வேறு. எந்தத் தராசில் வைப்பது என்று தெரிந்தால்தானே சரியாக நிறுக்க முடியும்?

வங்கியில் இதற்கு ஒரு பழைய வழக்கம் உண்டு. கடன் மனு போட்டவர் அதிகாரியின் உறவினர் என்றால், அந்த அதிகாரி உறவைச் சொல்லிவிட்டு, மனுவை மேலதிகாரிக்கு அனுப்பிவிட வேண்டும். அவர் நேர்மையானவரா என்று யாரும் சந்தேகப்படுவதில்லை. உறவு இருப்பது ஏட்டில் தெரிய வேண்டும், அவ்வளவுதான். வீடியோ போடுகிறவருக்கும் அதே நியாயம்தான்.

இதற்கு நம் நாட்டில் எழுதப்பட்ட விதிகள் இருக்கின்றன. விளம்பரத் துறையினரே அமைத்துக்கொண்ட இந்திய விளம்பரத் தரநிலைக் கவுன்சில் 2021 ஜூன் 14 முதல் இதற்கென ஒரு வழிகாட்டுதலை நடைமுறைப்படுத்தியது. அரசுத் தரப்பில், நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019இன் கீழ் இயங்கும் மத்திய நுகர்வோர் பாதுகாப்பு ஆணையம் 2022 ஜூன் மாதத்தில் விதிகளை வெளியிட்டது. தவறான விளம்பரத்துக்கு அந்த ஆணையம் கம்பெனிக்கு மட்டுமல்ல, பொருளைப் பரிந்துரைத்தவருக்கும் 10 லட்சம் ரூபாய் வரை அபராதம் போடலாம். மறுபடியும் செய்தால் 50 லட்சம் வரை போகலாம். "இதெல்லாம் சோப்பு, சீப்பு வாங்குறவங்களுக்குத்தானே?" என்று நினைக்க வேண்டாம். விதை வாங்கும் உழவரும் நுகர்வோரே என்று தேசிய விதைக் கழகம் தொடர்பான வழக்கில் 2012இல் உச்ச நீதிமன்றம் தீர்ப்பளித்திருக்கிறது.

எதையெல்லாம் சொல்ல வேண்டும்? ரொக்கம் மட்டும் என்று பலர் நினைக்கிறார்கள். இலவசமாக வந்த பொருள், தள்ளுபடி, கம்பெனி செலவில் போன பயணம், பண்டமாற்று எல்லாம் இதில் சேரும். விற்பவர் மைத்துனராக இருந்தால் அந்த உறவும் சேரும். 'என் அரிசியை நீ காட்டு, உன் விதையை நான் காட்டுறேன்' என்று இரண்டு பேர் பேசிவைத்துக்கொள்வதும் பண்டமாற்றுதான். சொந்தக் காசில் வாங்கி, யாரோடும் எந்தத் தொடர்பும் இல்லாமல் நல்லது கெட்டதைச் சொன்னால், அதற்கு எந்த அடையாளமும் தேவையில்லை.

ஓர் உதாரணம் வைத்துப் பார்ப்போம். ஒருவர் 9 நிமிட வீடியோ போடுகிறார். தலைப்பு தக்காளிச் சாகுபடி. அதில் 3ஆவது நிமிடத்திலிருந்து 6ஆவது நிமிடம் வரை ஒரு கடல்பாசிச் சாறு பற்றிப் பேசுகிறார். கம்பெனி அவருக்கு 5 லிட்டர் இலவசமாகவும் 15,000 ரூபாய் பணமாகவும் கொடுத்திருக்கிறது. அவர் செய்ய வேண்டியது இதுதான். அந்தப் பேச்சைத் தொடங்கும்போதே வாயால் சொல்ல வேண்டும்: "இது விளம்பரம். இந்தக் கம்பெனி எனக்குப் பணமும் 5 லிட்டர் மருந்தும் கொடுத்திருக்கு." வீடியோ 2 நிமிடத்துக்கு மேல் இருப்பதால், 3 முதல் 6 நிமிடம் வரை திரையில் 'விளம்பரம்' என்ற சொல் நின்றுகொண்டே இருக்க வேண்டும். ஒரு நொடி வந்து மறைந்தால் போதாது. 15 விநாடிக்குள் முடிகிற குட்டி வீடியோ என்றால் குறைந்தது 3 விநாடி தெரிய வேண்டும்.

கீழே எழுதும் விவரக் குறிப்பிலும் முதல் இரண்டு வரிக்குள் இது வந்துவிட வேண்டும். இன்னும் படிக்க என்று தட்டினால்தான் தெரியும் இடத்தில் போட்டால் அது ஒளித்து வைத்ததற்குச் சமம். இருபது ஹேஷ்டேக் நடுவே சொருகுவதும் அப்படித்தான். வீடியோ தமிழில் என்றால் அடையாளமும் தமிழில் இருக்கட்டும். 'Collab' என்று மூலையில் போட்டால் நம் ஊர் பெரியவருக்கு என்ன புரியும்? யூடியூபில் வீடியோ ஏற்றும்போது பணம் பெற்ற விளம்பரம் உண்டு என்று குறிக்க ஒரு கட்டம் இருக்கிறது. அதைத் தட்டினால் தொடக்கத்தில் 10 விநாடி 'Includes paid promotion' என்று வரும். ஆனால் நம் உதாரணத்தில் மருந்துப் பேச்சு வருவது 3ஆவது நிமிடத்தில். அதற்குள் அந்த எழுத்து மறைந்து வெகுநேரம் ஆகியிருக்கும். அதனால் அந்தக் கட்டத்தை மட்டும் நம்பி இருக்க முடியாது.

இன்னொன்றையும் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும். 'விளம்பரம்' என்று போட்டுவிட்டதால் சொன்னதெல்லாம் உண்மையாகிவிடாது. "ஏக்கருக்கு விளைச்சல் ஒன்றரை மடங்கு" என்று அதே வீடியோவில் சொன்னால், அதற்கு என்ன ஆதாரம் என்று பேசுகிறவர் கம்பெனியிடம் முன்பே கேட்டிருக்க வேண்டும். கடல்பாசிச் சாறு போன்ற பயிர் ஊக்கிகள் 2021 முதல் உரக் கட்டுப்பாட்டு ஆணைக்குள் வந்துவிட்டன. எனவே அந்த ஆணையின்படி அனுமதி இருக்கிறதா என்று கேட்பதும் அவர் வேலை. தன் தோட்டத்தில் நாலு வரிசைக்கு அடிக்காமல் விட்டு, இரண்டு பக்கத்துப் பறிப்பையும் தனித்தனியாக எடை போட்டுக் காட்டினால், காசு வாங்கியிருந்தாலும் அவர் பேச்சுக்கு மதிப்பு உண்டு.

அடையாளமே போடாத வீடியோவை நாம் எப்படிக் கண்டுபிடிப்பது? உறுதியாகச் சொல்ல முடியாது. ஆனால் சில குறிகள் உண்டு. "என் பேரைச் சொன்னா 10 சதவீதம் குறையும்" என்று ஒரு கூப்பன் கொடுத்தால், விற்பனையில் அவருக்குப் பங்கு இருக்க வாய்ப்பு அதிகம். ஒரே வாரத்தில் நாலு சேனலில் அதே பொருள், அதே வார்த்தைகளோடு வந்தால் எழுதிக் கொடுத்தவர் ஒருவர்தான் என்று ஊகிக்கலாம். அடிக்காத வரிசை எங்கும் காட்டப்படாது. ஏக்கருக்கு என்ன செலவு என்று வராது. குறை என்று ஒன்றுகூட இருக்காது. நல்ல மருந்துக்கும் ஒரு குறை இருக்கும். அதைச் சொல்லாத உழவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

இப்படிச் சந்தேகம் வந்தால், பேசியவருக்கே போன் போட்டு, "அண்ணே, இதுக்குப் பணம் வாங்கினீங்களா?" என்று நேராகக் கேளுங்கள். கேட்பதில் தப்பில்லை. அவர் மழுப்பினால், ஒரு பருவத்துக்கு அரை சென்ட்டில் மட்டும் பரிசோதித்துப் பாருங்கள். பொய்யான உறுதிமொழியை நம்பி வாங்கி நஷ்டம் வந்திருந்தால் வீடியோவைச் சேமித்து, ரசீதோடு வைத்துக்கொண்டு, தேசிய நுகர்வோர் உதவி எண் 1915க்குப் பேசுங்கள். வீடியோவை எப்போது வேண்டுமானாலும் நீக்கிவிடலாம் என்பதால் சேமிக்கும் வேலையை முதலில் முடித்துவிடுங்கள்.