தரை சாய்ந்தால் பந்து எங்கே போகும்?
கோல்ஃப் திடலின் சரிவுகளில் ஒளிந்திருக்கும் கோணக் கணக்கு

ஆண்டுதோறும் ஏப்ரல் மாதத்தில், அமெரிக்காவின் ஜார்ஜியா மாநிலத்தில் இருக்கும் அகஸ்டா நேஷனல் திடலில் மாஸ்டர்ஸ் கோல்ஃப் போட்டி நடக்கிறது. தொலைக்காட்சியில் பார்க்கும்போது அந்தத் திடல் பச்சைக் கம்பளம் விரித்ததுபோல் சமமாகத் தெரியும். உண்மையில் அது மேடும் பள்ளமும் நிறைந்த இடம். அங்குள்ள 13ஆவது குழிக்கு 'அசேலியா' என்று பெயர். அதன் புல்வெளிப் பாதை வலப்பக்கம் உயர்ந்தும் இடப்பக்கம் தாழ்ந்தும் இருக்கிறது. குழி இருக்கும் 'கிரீன்' பகுதிக்கு முன்னால் ஓர் ஓடை குறுக்கே ஓடுகிறது.

அந்தச் சரிவில் நிற்கும் வலக்கை ஆட்டக்காரருக்குப் பந்து அவருடைய பாதத்தைவிட உயரத்தில் இருக்கும். ஃபில் மிக்கல்சன் போன்ற இடக்கை ஆட்டக்காரர் எதிர்ப்பக்கத்தில் நிற்பதால், அவருக்குப் பந்து பாதத்தைவிடத் தாழ்வில் இருக்கும். இருவரும் நேராகக் குறிவைத்து அடித்தாலும், இருவர் பந்தும் இடப்பக்கமே விலகப் பார்க்கும். ஏன் அப்படி?

கோல்ஃப் மட்டை சமதரைக்காகச் செய்யப்பட்டது. தரை சாயும்போது மட்டையும் சேர்ந்து சாய்ந்துவிடுகிறது. விடை இதற்குள்தான் இருக்கிறது. இனிமேல் வரும் விளக்கம் முழுவதும் வலக்கை ஆட்டக்காரருக்கானது. நீங்கள் இடக்கைக்காரராக இருந்தால் இடம், வலம் இரண்டையும் மாற்றிப் படியுங்கள்.

மேட்டை நோக்கி அடிக்கும்போது

மட்டையின் முகம் செங்குத்தாக இருப்பதில்லை, சற்றே பின்னோக்கிச் சாய்ந்திருக்கும். இந்தச் சாய்வுக் கோணத்தை 'லோஃப்ட்' என்பார்கள். பந்து மேலே எழும்புவது இதனால்தான். பழைய அளவுப்படி 7ஆம் எண் இரும்பு மட்டையின் லோஃப்ட் சுமார் 34 பாகை. அடுத்தடுத்த எண்களுக்கு இடையே ஏறக்குறைய 4 பாகை வித்தியாசம் இருக்கும். எண் கூடக் கூட லோஃப்ட் கூடும், பந்து உயரமாகப் போய்க் குறைந்த தூரத்தில் விழும்.

இப்போது இலக்கை நோக்கி 5 பாகை ஏறும் மேட்டில் நீங்கள் நிற்பதாக வைத்துக்கொள்வோம். இடது கால் மேலே, வலது கால் கீழே. மட்டையைத் தரையோடு ஒட்டி வைத்தால் அதன் முகமும் 5 பாகை கூடுதலாகப் பின்னோக்கிச் சாயும். 34 பாகை இப்போது 39 பாகை ஆகிவிட்டது. கையில் இருப்பது 7ஆம் எண் மட்டை, ஆனால் அது 8ஆம் எண் மட்டையைப்போல் வேலை செய்கிறது. பந்து வானத்தை நோக்கி எழும்பி, குழிக்கு முன்பே விழுந்துவிடும். அதனால்தான் அனுபவமுள்ளவர்கள் மேட்டில் 7க்குப் பதிலாக 6ஆம் எண் மட்டையை எடுக்கிறார்கள்.

அடுத்த கேள்வி, பந்து கால்களுக்கு நடுவே எந்த இடத்தில் இருக்க வேண்டும்? நீங்கள் மட்டையைச் சுழற்றும்போது அதன் தலை ஏறக்குறைய ஒரு வட்ட வில்லை வரைகிறது. வட்டத்தின் மையம் உங்கள் மேல்மார்புப் பகுதியில் இருக்கிறது. சமதரையில் மையத்துக்கு நேர் கீழே இருக்கும் இடம்தான் தரைக்கு மிக அருகில் வரும் இடம். சரிந்த தரையில் அப்படியில்லை. ஒரு கோட்டுக்கு மிகக் குறுகிய தூரம் அதன் செங்குத்துக் கோடு என்று கணிதத்தில் படித்திருப்பீர்கள். சரிவுக்குச் செங்குத்தாகக் கோடு இழுத்தால், அது உங்களுக்கு நேர் கீழே விழாமல் மேட்டுப் பக்கமாக நகர்ந்து விழும்.

எவ்வளவு நகரும்? மையம் தரையிலிருந்து 1.3 மீட்டர் உயரத்தில் இருந்தால், 1.3 × sin 5° = 0.113 மீட்டர். அதாவது சுமார் 11 சென்டிமீட்டர். கோல்ஃப் பந்தின் விட்டம் 4.27 சென்டிமீட்டர். ஆகவே இது இரண்டரைப் பந்து அகலத்துக்கும் மேல். பந்தைப் பழைய இடத்திலேயே வைத்து, உடம்பையும் நேராக நிமிர்த்தி அடித்தால், மட்டை மேட்டில் குத்தி நின்றுவிடும்.

இதைச் சரிசெய்ய இரண்டு வேலைகள் செய்ய வேண்டும். முதலில் தோள்களைச் சரிவுக்கு இணையாகச் சாய்க்க வேண்டும். இடது தோள் உயரட்டும், வலது தோள் தாழட்டும், எடை வலது காலுக்குப் போகட்டும், இடது முழங்கால் சற்று அதிகமாக மடியட்டும். இப்படி நின்றால் வட்டமும் சரிவோடு சேர்ந்து சாய்ந்துவிடும். ஆனால் ஈர்ப்பு விசை உங்களைக் கீழே இழுத்துக்கொண்டே இருப்பதால், முழு 5 பாகையும் சாய்ந்து நிற்பது எளிதல்ல. பாதியளவுதான் சாய முடிகிறது என்றால், மீதிப் பாதியைப் பந்தின் இடத்தை மாற்றி ஈடுகட்ட வேண்டும். அதனால் பந்தை ஒரு பந்து அகலமளவு இடது காலை நோக்கி, அதாவது உயரமான காலை நோக்கி வைக்கிறோம்.

மேட்டில் இன்னொன்றும் நடக்கும். எடை பின்காலில் தங்கிவிடுவதால் இடுப்பு முழுமையாகத் திரும்பாது, கைகள் முந்திக்கொள்ளும். மட்டையின் முகம் மூடிக்கொண்டு பந்து இடப்பக்கம் இழுக்கப்படும். எனவே இலக்குக்குச் சற்று வலப்பக்கமாகக் குறிவைப்பது வழக்கம்.

இறக்கத்தில் அடிக்கும்போது

இறக்கத்தில் எல்லாம் தலைகீழ். அதே 5 பாகை இறக்கத்தில் 7ஆம் எண் மட்டையின் 34 பாகை, 29 பாகையாகக் குறையும். ஏறக்குறைய 6ஆம் எண் மட்டை போலாகிவிடும். பந்து தாழப் பறந்து, விழுந்த பிறகும் வெகுதூரம் உருளும். ஆகவே 8ஆம் எண் மட்டையை எடுப்பது நல்லது.

வலது கால் உயரத்தில் இருப்பதால், மட்டை தரையைத் தொடும் இடமும் வலப்பக்கமாக நகர்கிறது. பந்தையும் வலது காலை நோக்கி நகர்த்த வேண்டும். எடை இடது காலில் இருக்கட்டும், வலது முழங்கால் மடியட்டும், தோள்கள் சரிவோடு சாயட்டும். மேடோ இறக்கமோ, விதி ஒன்றுதான்: பந்து உயரமான காலின் பக்கம், எடை தாழ்வான காலின் பக்கம்.

புதிதாக ஆடுபவர்களுக்கு இந்த நிலைதான் அதிகத் தொல்லை தரும். பந்து தாழப் போகிறதே என்று அதைத் தூக்கிவிட முயன்று, உடம்பைப் பின்னால் சாய்ப்பார்கள். உடனே மட்டை பந்துக்குப் பின்னால் இருக்கும் உயரமான தரையில் மோதும். அல்லது அதிலிருந்து எகிறி, பந்தின் உச்சந்தலையில் மட்டும் படும். அடித்த பிறகு மட்டையின் தலை சரிவைத் தொடர்ந்து கீழ்நோக்கிப் போக வேண்டும். எழும்பும் வேலையை லோஃப்ட் பார்த்துக்கொள்ளும்.

பக்கவாட்டுச் சரிவு

இப்போது அகஸ்டாவின் 13ஆவது குழிக்குத் திரும்புவோம். அங்கே சரிவு பக்கவாட்டில் இருக்கிறது. இதைப் புரிந்துகொள்ள உங்கள் மேசையிலேயே ஒரு சோதனை செய்யலாம்.

ஒரு பலகையின்மேல் கெட்டி அட்டைப் புத்தகம் ஒன்றைப் பின்னோக்கிச் சாய்த்து நிறுத்துங்கள். அதன் அட்டைக்குச் செங்குத்தாக ஒரு பென்சிலை ஒட்டுங்கள். புத்தகம்தான் மட்டையின் முகம், பென்சில் காட்டுவதுதான் பந்து கிளம்பும் திசை. பென்சில் நேர் முன்னாலும் மேலேயும் காட்டும். இப்போது பலகையின் வலது விளிம்பை உயர்த்துங்கள். புத்தகத்தைத் திருப்பவே இல்லை, ஆனாலும் பென்சில் இடப்பக்கம் காட்டத் தொடங்கும். அடுத்து புத்தகத்தை ஏறக்குறைய நிமிர்த்திவைத்து அதையே செய்து பாருங்கள். பென்சிலின் திசை அவ்வளவாக மாறாது.

இதிலிருந்து இரண்டு செய்திகள் கிடைக்கின்றன. பந்து எப்போதும் சரிவின் தாழ்ந்த பக்கம் விலகும். லோஃப்ட் அதிகமான மட்டையில் அந்த விலகலும் அதிகமாக இருக்கும். முக்கோணவியல் படித்தவர்கள் இந்தச் சமன்பாட்டைப் போட்டுப் பார்க்கலாம்:

tan(விலகல்) = tan(லோஃப்ட்) × sin(சரிவு)

அகஸ்டாவில் ஒரு வீரர் 190 மீட்டர் தூரத்திலிருந்து, 24 பாகை லோஃப்ட் உள்ள 4ஆம் எண் மட்டையால் அடிக்கிறார் என்போம். சரிவு 5 பாகை. 0.445 × 0.087 = 0.039. 190 மீட்டரில் மட்டையின் முகம் 7 மீட்டருக்குச் சற்று அதிகமாக இடப்பக்கம் காட்டுகிறது. அதே சரிவில் 56 பாகை 'சேண்ட் வெட்ஜ்' மட்டையால் 70 மீட்டர் அடித்தால், 1.483 × 0.087 = 0.129. விலகல் 9 மீட்டர். தூரம் பாதிக்கும் குறைவு, விலகல் அதிகம்! சிறிய தூரம்தானே என்று சரிவை அலட்சியப்படுத்தக் கூடாது என்பது இதனால்தான். பந்து முகம் காட்டும் திசையை மட்டுமே பின்பற்றுவதில்லை. மட்டை நகரும் பாதையும் ஓரளவு அதை இழுக்கும். ஆகவே இந்த எண்களைத் தோராயமாகவே கொள்ள வேண்டும்.

நிற்கும் முறையும் மாறும். பந்து பாதத்தைவிட உயரத்தில் இருந்தால் அது உங்களுக்கு நெருங்கி வந்துவிட்டது என்று பொருள். பந்து 5 சென்டிமீட்டர் உயர்ந்திருந்தால், கைப்பிடியில் ஏறக்குறைய அந்த அளவு கீழே இறங்கிப் பிடிக்க வேண்டும். நிமிர்ந்து நின்று, எடையைக் கால்விரல்களின் பக்கம் வைக்க வேண்டும். பந்து கால்களுக்கு நடுவில் இருக்கட்டும். குறி வலப்பக்கம்.

பந்து பாதத்தைவிடத் தாழ்வில் இருந்தால் அது விலகிப் போய்விட்டது. மட்டையின் முழு நீளத்தையும் பயன்படுத்தி, பந்துக்கு நெருங்கி நின்று, கால்களை அகட்டி, முழங்கால்களை நன்றாக மடக்க வேண்டும். எடை குதிகால்களில் இருந்தால்தான் முன்னால் விழாமல் நிற்க முடியும். இங்கேயும் பந்து நடுவில், குறி மட்டும் இடப்பக்கம். அடிக்கும்போது முழங்கால்கள் நிமிர்ந்துவிட்டால் மட்டை பந்தின் உச்சியில்தான் படும்.

திடலில் கோணமானி இல்லாமல்

ஆட்டத்தின் நடுவே யாரும் சைன் கணக்குப் போடுவதில்லை. பந்துக்குச் சற்றுத் தள்ளி, அதே சரிவு உள்ள இடத்தில் நின்று இரண்டு முறை மட்டையை வீசிப் பார்க்கிறார்கள். மட்டை எந்த இடத்தில் புல்லை உரசுகிறது என்று கவனிக்கிறார்கள். உரசல் பந்துக்கு முன்பே விழுந்தால் பந்து இன்னும் பின்காலை நோக்கிப் போக வேண்டும். பந்தைத் தாண்டி விழுந்தால் முன்காலை நோக்கி வர வேண்டும்.

இந்த முறைக்கும் எல்லை உண்டு. சரிவு மிகச் செங்குத்தாக இருந்தால் தோள்களை அதற்கு இணையாகச் சாய்க்க முயல்பவர் உருண்டுதான் விழுவார். அங்கே உடம்பை நிமிர்த்தி, பந்தை இன்னும் அதிகமாக உயரமான காலின் பக்கம் வைத்து, முக்கால் வீச்சோடு நிறுத்திக்கொள்வார்கள். சாதாரணச் சரிவிலும் முழு வேகத்தில் சுழற்றிச் சமநிலை இழந்தால், வட்டத்தின் மையமே நகர்ந்துவிடும். மையம் நகர்ந்தால் பந்தை எங்கே வைத்தாலும் பயனில்லை.

அடுத்த முறை மாஸ்டர்ஸ் ஒளிபரப்பாகும்போது 13ஆவது குழியில் ஆட்டக்காரர்களின் கால்களையும் கைப்பிடியையும் உற்றுப் பாருங்கள். வலக்கைக்காரர் கைப்பிடியில் இறங்கிப் பிடித்திருப்பார், இடக்கைக்காரர் முழங்காலை ஆழமாக மடக்கியிருப்பார். நிற்கும் விதம் நேரெதிர். ஆனால் இருவரும் குறிவைப்பது கொடிக்கு வலப்பக்கம்தானா என்று கவனியுங்கள்.