சொந்த வீடா, வாடகை வீடா? கணக்குப் போட்டால் தலைசுற்றும் 6 தகவல்கள்!

சென்னை மேடவாக்கம் பக்கம் ஓர் அடுக்குமாடிக் குடியிருப்பு. எதிரெதிர் வாசலில் அண்ணனும் தம்பியும் குடியிருப்பதாக வைத்துக்கொள்வோம். இருவருக்கும் ஒரே சம்பளம், இரண்டுமே 1,000 சதுர அடி ஃபிளாட். அண்ணன் 80 லட்சத்துக்கு வாங்கிவிட்டார். தம்பி 20,000 ரூபாய் வாடகை. 20 வருஷம் கழித்து யார் கையில் அதிகம் இருக்கும்?

சாவி கைக்கு வருமுன்பே 7 லட்சம் போய்விடும், தெரியுமா?

பழைய ஃபிளாட்டைத் தமிழ்நாட்டில் பதிவு செய்ய முத்திரைத்தீர்வை 7 சதவீதம், பதிவுக் கட்டணம் 2 சதவீதம். 80 லட்சத்துக்கு 7.2 லட்சம்! வங்கி 64 லட்சம் கடன் தர, மீதி 16 லட்சமும் அண்ணனின் கைக்காசு. ஆக, முதல் நாளே 23.2 லட்சம் காலி. தம்பியிடமும் அதே தொகை இருக்கிறது. அவர் ஆறு மாத அட்வான்ஸ் 1.2 லட்சம் கொடுத்துவிட்டு, மீதி 22 லட்சத்தையும் முதலீட்டில் போடுகிறார்.

5 வருஷம் கட்டியும் கடன் அசையாது, தெரியுமா?

எட்டரை சதவீத வட்டி, 20 வருஷத் தவணை என்றால் மாதம் சுமார் 55,500 ரூபாய். முதல் தவணையில் 45,333 ரூபாய் வட்டிக்கே போகிறது. அசலில் கழிவது பத்தாயிரம் சொச்சம்தான். 5 வருஷத்தில் அண்ணன் கட்டியது 33 லட்சம். கடன் இறங்கியதோ 64-லிருந்து 56.4 லட்சத்துக்கு மட்டும்!

வருஷா வருஷம் ஏறினாலும் வாடகை தவணையை எட்டாது, தெரியுமா?

வாடகையை வருஷம் 5 சதவீதம் ஏற்றிப் பாருங்கள். 20-வது வருஷத்தில்தான் 50,500-ஐத் தொடுகிறது. அதாவது கடைசி வரை தம்பி கையில் மாதாமாதம் மிச்சம் உண்டு. முதல் மாதம் 35,500 ரூபாய். வாடகை ஏற ஏற அது சுருங்கிக்கொண்டே வரும். பராமரிப்புக் கட்டணம் இருவருக்கும் பொது. அண்ணன் கட்டும் சொத்து வரியையும் ரிப்பேர் செலவையும் இந்தக் கணக்கில் சேர்க்கவே இல்லை!

20 வருஷ முடிவில் வித்தியாசம் 80 லட்சத்துக்கும் மேல், தெரியுமா?

வீட்டின் விலை வருஷம் 6 சதவீதம் ஏறினால், கடன் தீர்ந்த நாளில் அண்ணனின் சொத்து 2.57 கோடி. தம்பி அந்த 22 லட்சத்தையும் மாத மிச்சத்தையும் பங்குச்சந்தை மியூச்சுவல் ஃபண்டில் போட்டு, வரி போக 10 சதவீதம் கிடைத்தால் 3.4 கோடி! இந்த 10 சதவீதத்துக்கு யாரும் உத்தரவாதம் தர மாட்டார்கள். வீட்டுக்கான 6 சதவீதமும் அப்படித்தான். வருஷம் ஏழரை சதவீதம் ஏறினாலே வீடு தம்பியின் முதலீட்டைப் பிடித்துவிடும். ஆனால் ஃபிளாட்டில் கட்டடம் பழசாகி மதிப்பிழக்கும்; விலை ஏறுவது பத்திரத்தில் உங்கள் பெயரில் இருக்கும் 'யூ.டி.எஸ்.' என்ற பிரிக்கப்படாத நிலப் பங்குக்குத்தான். அது எத்தனை சதுர அடி என்று பார்க்காமல் வாங்கினால் 6 சதவீதமே சந்தேகம்.

தம்பி பாதி மிச்சத்தைச் செலவழித்தாலே தோற்றுவிடுவார், தெரியுமா?

இதுதான் உச்சம்! மாத மிச்சத்தில் பாதியை மட்டும் தம்பி போட்டுவந்தால் 3.4 கோடி 2.45 கோடியாகச் சரிந்து, அண்ணனின் வீட்டுக்குக் கீழே போய்விடும். முழுசாகப் போட்டாலும் 7 சதவீத ஃபிக்சட் டெபாசிட்டில் போட்டால் கிடைப்பது 2.16 கோடிதான், அந்த வட்டிக்கு வரியும் உண்டு. அண்ணனுக்கு இந்த ஆபத்து இல்லை. தவணை தவறினால் வங்கியிலிருந்து போன் வரும்! தம்பி எஸ்.ஐ.பி.யை நிறுத்தினால் யாரும் கேட்க மாட்டார்கள். வாடகை வீட்டைத் தோற்கடிப்பது வாடகை அல்ல, கேட்க ஆளில்லாத அந்த மிச்சம்தான்.

வாடகை 28,000 ஆனால் கதையே தலைகீழ், தெரியுமா?

அதே 80 லட்சம் ஃபிளாட்டுக்கு ஆரம்ப வாடகையே சுமார் 28,000 என்றால், தம்பியின் மிச்சம் சுருங்கி இருவரும் சமமாகிவிடுவார்கள். அதற்கு மேலே போனால் அண்ணன் கைதான் ஓங்கும். ஆகவே உங்கள் தெருவுக்கும் ஒரு வகுத்தல் போதும்: ஒரு வருஷ வாடகையை வீட்டு விலையால் வகுங்கள். தம்பியின் வீட்டுக்கு 2.4 லட்சத்தை 80 லட்சத்தால் வகுத்தால் 3 சதவீதம். இதே வட்டி, இதே வளர்ச்சி என்றால் சுமார் 4.2 சதவீதத்தைத் தாண்டும்போது வீடு வாங்கும் யோசனையைக் கையில் எடுக்கலாம். 3 சதவீதத்திலேயே நின்றால் வாடகையில் இருங்கள். ஆனால் சம்பளம் வந்த மறுநாளே அந்த 35,500 தானாகக் கழியும்படி எழுதிக் கொடுத்துவிட்டு இருங்கள்!