முடிவுக் கோடு துரத்தி வரும் ஓட்டம்

ஆண்டுதோறும் மே மாதம் நடக்கும் 'விங்ஸ் ஃபார் லைஃப்' உலக ஓட்டத்துக்கு இலக்குத் தூரம் கிடையாது. உலகெங்கும் ஒரே நொடியில் தொடக்கம். ஆஸ்திரியாவில் பகல் 1 மணி, நமக்கு மாலை 4.30. அரை மணி கழித்து 'கேட்சர் கார்' கிளம்புகிறது. அது யாரை முந்துகிறதோ, அவருக்கு ஓட்டம் அங்கேயே முடிந்தது.

மணிக்கு 7 கிலோமீட்டர் வேகத்தில், நடையும் ஓட்டமுமாகப் போகிறவரை எடுத்துக்கொள்வோம். கார் புறப்படும்போது அவர் மூன்றரை கிலோமீட்டர் முன்னால் இருப்பார். கார் முதலில் 14 கிலோமீட்டர் வேகத்தில் வரும். அடுத்த அரை மணியில், ஏழாவது கிலோமீட்டரில் பிடிபடுவார். அதன்பின் காரின் வேகம் படிப்படியாகக் கூடும்.

ஊரில் பந்தயம் இல்லையென்றால் செல்போன் செயலி போதும். அதில் கார் கற்பனையானது, பாதை உங்கள் விருப்பம். நம் மே வெயிலில் அதுதான் சிக்கல். நிழலுள்ள பூங்காவில் சுற்றி ஓடுவதே நல்லது, தண்ணீரும் கைக்கெட்டும். தலைசுற்றலோ குளிர்நடுக்கமோ வந்தால் காருக்காகக் காத்திருக்காமல் நின்றுவிட வேண்டும்.

பதிவுக் கட்டணம் நாட்டுக்கு நாடு மாறும். அது முழுவதும் தண்டுவடக் காய ஆராய்ச்சிக்கே போகிறது. மோட்டோகிராஸ் வீரர் ஹைன்ஸ் கினிகாட்னரின் மகன் விபத்தில் முடங்கியதையடுத்து, 2004இல் பிறந்த அறக்கட்டளை இது. சக்கர நாற்காலியிலும் கலந்துகொள்ளலாம். அன்றாடம் பயன்படுத்தும் நாற்காலியாக இருக்க வேண்டும், பந்தய நாற்காலிக்கு அனுமதியில்லை.