முதலில் பாலா, தேநீரா?

கோப்பையில் முதலில் ஊற்றியது பாலா தேநீரா என்று சுவைத்தே சொல்லிவிடுவேன் என்றார் ஒரு பெண்மணி. ரொனால்டு ஃபிஷர் 1935-இல் வெளியிட்ட நூலில் இதைச் சோதனையாக்கினார். எட்டுக் கோப்பைகளில் பால் முதலில் ஊற்றிய நான்கை அவர் பொறுக்க வேண்டும்.

‘அவருக்கு அந்தத் திறமை இல்லை, வெறும் ஊகம்தான்’ என்பதே இன்மைக் கருதுகோள். எட்டில் நான்கைப் பொறுக்க 70 வழிகள். நான்கும் சரியானால் பி-மதிப்பு 1/70, அதாவது 0.014. வினாத்தாளின் வரம்பு 0.05 என்றால், அதைவிடக் குறைவு, கருதுகோளை நிராகரிக்கலாம்.

மூன்றுதான் சரி என்றால்? மூன்றோ நான்கோ சரியாக அமைய 17 வழிகள், பி-மதிப்பு 0.24. நிராகரிக்க முடியாது.

பலர் சறுக்குவது இங்கேதான். ‘அவருக்குத் திறமை இல்லை என நிரூபணமானது’ என்று எழுதினால் தவறு. போதிய சான்று இல்லை, அவ்வளவே. 0.014 என்பதும் அவர் ஊகித்திருக்கும் வாய்ப்பு அல்ல. ஊகித்திருந்தால் நான்கும் சரியாக அமையும் வாய்ப்பு.