எர்த் கேட்காத சார்ஜர்

சேலம், நாமக்கல் பக்கம் கிணறு வெட்டியவர்களுக்குத் தெரியும்: பல இடங்களில் கொஞ்சம் தோண்டினாலே கடப்பாரை பாறையில் முட்டும். எர்த் குழி போடும் எலக்ட்ரீஷியனுக்கும் அதே பாடுதான். குழாயைப் புதைத்து, சுற்றிலும் கரியும் உப்பும் கொட்டி, "வெயில் காலத்துல தண்ணி ஊத்துங்க" என்று சொல்லிவிட்டுப் போவார். யார் ஊற்றுகிறார்கள்? சித்திரையில் மண் காய்ந்தால், எர்த் பாதையின் தடை ஏறிவிடும்.

இளம்பிள்ளையில் தறி ஓடும் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம். அங்கே அந்தத் தடை 30 ஓம். கிரைண்டருக்குள் ஒயர் தேய்ந்து பாடியைத் தொட்டுவிட்டது. 230 வோல்ட்டை 30-ஆல் வகுத்தால் எர்த் வழியே ஓடுவது சுமார் 7.7 ஆம்பியர். 16 ஆம்பியர் எம்.சி.பி. இதற்கு விழாது. பாடியில் கரண்ட் நின்றுகொண்டே இருக்கும். 30 மில்லி ஆம்பியர் கசிவுக்கே விழும் ஆர்.சி.சி.பி. இருந்தால் பிழைத்தோம். ஆக, மூன்றாவது பின் இருக்கிறது என்பதாலேயே பாதுகாப்பு வந்துவிடாது. வெளியே இருக்கும் மண்ணும் ஒத்துழைக்க வேண்டும்.

செல்போன் சார்ஜர் இந்த மண்ணை நம்பவே இல்லை. அதன் மேல் பொடி எழுத்துகளுக்கு நடுவே, ஒரு சதுரத்துக்குள் இன்னொரு சதுரம் இருக்கும். 'இரட்டைக் காப்பு' என்று பொருள். கரண்ட் ஓடும் பாகத்துக்கும் நம் கைக்கும் நடுவே ஒரு காப்பு. அது பழுதானால் தாங்க இன்னொன்று. இரண்டுக்கும் ஈடான, பலப்படுத்திய ஒரே காப்பாகவும் இருக்கலாம்.

காப்பு என்றதும் வெளியே தெரியும் பிளாஸ்டிக் கூட்டைத்தான் நினைப்போம். அது பாதிக் கதை. நாம் தொடுவது போனை, அதாவது சார்ஜரிலிருந்து வரும் ஒயரின் மறுமுனையை. எனவே முக்கியமான வேலி உள்ளே இருக்கிறது. வரும் 230 வோல்ட் முதலில் 325 வோல்ட் அளவுக்கு நேர்மின்சாரமாகிறது. அதை நொடிக்குப் பல்லாயிரம் முறை வெட்டி, சின்ன டிரான்ஸ்பார்மருக்குள் அனுப்புகிறார்கள். அதன் இரண்டு சுருள்களுக்கும் கம்பித் தொடர்பு கிடையாது. சக்தி காந்தப்புலம் வழியாகத்தான் தாண்டுகிறது. போன் பக்கச் சுருளில் மூன்று அடுக்குக் காப்புள்ள கம்பியைச் சுற்றுவது வழக்கம். சர்க்யூட் போர்டிலும் இரு பக்கத்துக்கும் நடுவே ஏறக்குறைய 5 மில்லிமீட்டர் இடைவெளி விடுவார்கள். இந்த வேலியின் மேல் 3,000 வோல்ட் கொடுத்துச் சோதித்த பிறகே நல்ல சார்ஜர் வெளியே வரும்.

அப்படியானால் மெட்டல் பாடி போனையோ லேப்டாப்பையோ சார்ஜில் போட்டு, வெறுங்காலோடு சிமென்ட் தரையில் நின்று தடவினால் 'எர்த் அடிக்குதே', ஏன்? பல சார்ஜர்களில் அந்த வேலியைத் தாண்டி வேண்டுமென்றே ஒரு சின்னக் கெப்பாசிட்டர் வைத்திருப்பார்கள். ரேடியோ இரைச்சலை அடக்க. அது 2.2 நானோ பாரட் என்றால், 230 வோல்ட் முழுவதும் அதன் மேல் விழுந்தாலும் கசிவது 0.16 மில்லி ஆம்பியர்தான். இத்தகைய கருவிக்கு அனுமதித்த எல்லை 0.25. விரல் நுனியில் சுருக்கென்று தெரியலாம், உயிருக்கு ஆபத்தில்லை. டெஸ்டர் வைத்தால் மங்கலாக எரியவும் கூடும். அதை மட்டும் பார்த்து, சார்ஜர் கெட்டுவிட்டது என்று தீர்ப்பு எழுதிவிட முடியாது. ஆனால் கையை வெடுக்கென்று இழுக்க வைக்கும் அடி வேறு. அப்படி அடித்தால் சுவிட்சை அணைத்து, சார்ஜரைத் தூக்கிப் போட்டுவிட வேண்டியதுதான்.

அந்தக் கெப்பாசிட்டருக்கென்று தனி வகை உண்டு. பழுதானாலும் ஷார்ட் ஆகாமல், அறுந்து நிற்கும்படி செய்வது. மலிவு போலிச் சார்ஜரில் காசு மிச்சம் பிடிப்பது இங்கேதான். சாதாரணக் கெப்பாசிட்டரை வைத்துவிடுவார்கள். அது ஷார்ட் ஆனால் 230 வோல்ட் நேரே போனுக்கு வந்துவிடும். 5 மில்லிமீட்டர் இடைவெளி ஒரு மில்லிமீட்டராகச் சுருங்கியிருக்கும். சுருள்களுக்கு நடுவே டேப் இருக்காது. இதெல்லாம் வெளியே தெரியாது. சதுரத்துக்குள் சதுரத்தை அச்சடிக்கவோ செலவே இல்லை.

அதனால் கடையில் அந்தச் சின்னத்தோடு நிறுத்திக்கொள்ளாமல், பிஐஎஸ் முத்திரையையும் அதன் கீழே R- என்று தொடங்கும் எண்ணையும் பாருங்கள். பிஐஎஸ் கேர் செயலியில் அந்த எண்ணைப் போட்டால், எந்த நிறுவனம் எந்தப் பொருளுக்காகப் பதிவு செய்தது என்று வரும். டப்பாவில் உள்ள பெயரும் செயலியில் வரும் பெயரும் ஒத்துப்போகாவிட்டால் வாங்காதீர்கள். நல்ல சார்ஜரே ஆனாலும் கூடு விரிசல் விட்டாலோ, தண்ணீர் புகுந்தாலோ இரட்டைக் காப்பு என்ற பேச்சு முடிந்தது.

தறிப்பட்டறையில் கிடக்கும் கைட்ரில்லிங் மெஷினிலும் இதே சின்னத்தைப் பார்க்கலாம். அதன் ஒயரில் இரண்டு கம்பிதான் இருக்கும். சின்னம் இல்லாமல் மூன்று பின்னோடு வரும் இஸ்திரிப் பெட்டி, கிரைண்டர், பிரிட்ஜ் ஆகியவற்றுக்கு உள்ளே அந்த இரண்டாவது வேலி கிடையாது. போர்டில் ஓட்டை இரண்டுதான் என்று அவற்றின் மூன்றாவது பின்னை உடைத்துச் சொருகினால், ஒயர் பாடியைத் தொடும் நாளில் குறுக்கே நிற்பது தொடுகிறவரின் உடம்பு மட்டுமே.